சமநிலை எந்தப் பக்கம் நகரும்? கொள்குறி வினாக்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

வேதிச்சமநிலைப் பாடத்தை முடித்துவிட்டு ஒரு கொள்குறி வினாத்தாளைக் கையில் கொடுத்தால், விடை தவறுவது பெரும்பாலும் அதே ஏழெட்டு இடங்களில்தான். விதி தெரியாததால் இல்லை; விதியை எந்த இடத்தில் நம்பலாம், எந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது தெரியாததால். என்னிடம் வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்பவை, அதனால் முதல்முறை மேலிருந்து கீழாகப் படித்துவிடுங்கள்.

லீ சாட்லியர் தத்துவம் ஒரே வரியில் என்ன சொல்லுது?

சமநிலையில் இருக்கும் ஒரு அமைப்பின் செறிவையோ அழுத்தத்தையோ வெப்பநிலையையோ மாற்றினால், அந்த மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும். பிரெஞ்சு வேதியியலாளர் லீ சாட்லியர் 1884-இல் முன்வைத்த விதி இது.

இதில் ‘குறைக்கும்’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ‘நீக்கும்’ என்று விதி சொல்லவில்லை. நீங்கள் சேர்த்த பொருளில் ஒரு பகுதியை வினை தின்றுவிடும், முழுவதையும் தின்னாது. இந்த ஒரு சொல்லைக் கோட்டைவிட்டதால் போன மதிப்பெண்கள் ஏராளம். கீழே நான்காவது கேள்வியில் எண்களோடு பார்க்கலாம்.

"வலப்பக்கம் நகருது"ன்னு சொல்றாங்களே, நிஜமா என்ன நகருது?

எதுவும் இடம் மாறுவதில்லை. சமநிலையில் முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டிருக்கும். நீங்கள் எதையாவது மாற்றியதும் இரண்டில் ஒன்று வேகத்தில் முந்திக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வேகங்கள் மறுபடி சமமாகும்போது, கலனில் உள்ள பொருள்களின் அளவு பழையபடி இருக்காது. வினைவிளை பொருள் முன்பைவிடக் கூடியிருந்தால் ‘வலப்பக்கம் நகர்ந்தது’ என்கிறோம்.

சமநிலை நகர்ந்தது என்பதற்கும் சமநிலை மாறிலி K மாறியது என்பதற்கும் சம்பந்தம் கட்டாயமில்லை. வெப்பநிலையைத் தொடாதவரை K அப்படியே இருக்கும், சமநிலை எவ்வளவு நகர்ந்தாலும். "அழுத்தத்தை உயர்த்தினால் K-இன் மதிப்பு அதிகரிக்கும்" என்று ஒரு ஆப்ஷன் இருந்தால், வினை எது என்று பார்க்காமலேயே அதை அடித்துவிடலாம்.

செறிவு கேள்விக்கு "சேர்த்தா எதிர்ப்பக்கம் போகும், எடுத்தா அந்தப் பக்கம் போகும்"ன்னு மனப்பாடம் பண்ணினா போதாதா? Q எதுக்கு?

எளிய கேள்விகளுக்குப் போதும். வினைபடு பொருளைச் சேர்த்தால் அதைச் செலவழிக்க வலப்பக்கம் நகரும், வினைவிளை பொருளை வெளியே எடுத்தால் அதை ஈடுகட்டவும் வலப்பக்கம் நகரும். இரண்டு மாற்றங்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் கேள்விகளில்தான் மனப்பாடம் கைவிடும். அங்கே கை கொடுப்பது வினைகுணகம் Q.

Q என்பது K-க்கான அதே கோவைதான். சமநிலைச் செறிவுகளுக்குப் பதிலாக, இந்த நொடியில் கலனில் இருக்கும் செறிவுகளை அதில் போடுகிறோம். Q, K-ஐவிடச் சிறியதாக இருந்தால் வினை முன்னோக்கிப் போகும். பெரியதாக இருந்தால் பின்னோக்கிப் போகும். சமமாக இருந்தால் அசையாது. என்னைக் கேட்டால், இந்தப் பாடம் முழுவதையும் இப்படிச் சுருக்கலாம்: செறிவும் அழுத்தமும் Q-ஐ அசைக்கும், வெப்பநிலை K-ஐ அசைக்கும், வினை எப்போதும் Q-ஐ K-இடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அழுத்தத்தை ஏத்தினா வாயு மோல் குறைவான பக்கம் போகும். இதுக்கு மேல இதில் என்ன இருக்கு?

இருக்கிறது. N₂O₄ ⇌ 2NO₂ என்ற சமநிலையை எடுத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் 1 லிட்டர் கலனில் N₂O₄ 0.4 மோலும் NO₂ 0.2 மோலும் சமநிலையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். Kc = (0.2)² ÷ 0.4 = 0.1. இப்போது பிஸ்டனை அழுத்திக் கனஅளவைச் சரிபாதியாக்குகிறோம். அந்த நொடியில் செறிவுகள் இரண்டும் இரட்டிப்பாகும்: N₂O₄ 0.8, NO₂ 0.4. Q = 0.16 ÷ 0.8 = 0.2. இது 0.1-ஐவிடப் பெரியது, அதனால் வினை பின்னோக்கி, அதாவது ஒரு மோல் உள்ள பக்கம் போகும். விதி சொன்னதும் இதுதான்.

எவ்வளவு தூரம் போகும்? லிட்டருக்கு x மோல் N₂O₄ புதிதாக உருவானால் (0.4 − 2x)² ÷ (0.8 + x) = 0.1. தீர்த்தால் x ஏறக்குறைய 0.054. புதிய சமநிலையில் NO₂ செறிவு சுமார் 0.29, N₂O₄ செறிவு சுமார் 0.85. நன்றாகப் பாருங்கள்: NO₂-இன் செறிவு பழைய 0.2-ஐவிடக் கூடியிருக்கிறது! ஆனால் கலன் இப்போது அரை லிட்டர்தான் என்பதால் அதன் மோல் எண்ணிக்கை 0.2-இலிருந்து ஏறக்குறைய 0.146-ஆகக் குறைந்திருக்கிறது. மோல் குறைந்தது, செறிவு கூடியது, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

கொள்குறி வினாவில் பொறி வைப்பது இங்கேதான். "NO₂-இன் அளவு குறையும்" என்பது மோலைக் குறித்தால் சரி. "NO₂-இன் செறிவு பழைய மதிப்பைவிடக் குறையும்" என்பது தவறு. மொத்த அழுத்தத்தையும் இதேபோல் பார்க்கலாம். மொத்தச் செறிவு 0.6-இலிருந்து 1.2-க்குத் தாவி, பிறகு 1.15 அருகே வந்து நின்றது. விளைவு குறைந்தது, நீங்கவில்லை.

அப்போ அமுக்கினதும் அந்தப் பழுப்பு நிறம் வெளுக்குமா, இருளுமா?

இரண்டும், ஒன்றன்பின் ஒன்றாக. NO₂ பழுப்பு, N₂O₄ நிறமற்றது. பிஸ்டன் இறங்கியதும் NO₂ செறிவு 0.2-இலிருந்து 0.4-ஆவதால் நிறம் சட்டென்று இருளும். பிறகு வினை பின்னோக்கி ஓடி 0.29-க்கு இறங்கும்போது கொஞ்சம் வெளுக்கும். ஆனால் தொடக்கத்தில் இருந்த நிறத்துக்குத் திரும்பாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கடைசியிலும் முதலில் இருந்ததைவிட இருண்டுதான் இருக்கும். "முதலில் அடர்ந்து, பிறகு ஓரளவு வெளிறும்" என்ற ஆப்ஷன் இருந்தால் அதுவே விடை. "நிறம் முன்பைவிட வெளிறிவிடும்" என்பதைத் தேர்ந்தெடுப்பவர்கள் விதியை மட்டும் படித்தவர்கள்.

ரெண்டு பக்கமும் மோல் சமமா இருந்தா அழுத்தத்துக்கு வேலையே இல்லையா?

சமநிலையை நகர்த்தும் வேலை இல்லை. H₂ + I₂ ⇌ 2HI மூன்றும் வாயுவாக இருக்கும்போது கனஅளவைப் பாதியாக்கினால் Q-இன் மேலேயும் கீழேயும் நான்கு மடங்கு கூடி அடிபட்டுப்போகும். மோல் எண்ணிக்கைகள் மாறாது. செறிவுகள் எல்லாம் இரட்டிப்பாகும், வினை வேகங்களும் கூடும், அவ்வளவுதான். "எந்த மாற்றமும் இல்லை" என்று பொதுவாகப் போட்ட ஆப்ஷனும் "சமநிலையின் நிலை மாறாது" என்று போட்ட ஆப்ஷனும் ஒரே கேள்வியில் இருந்தால் இரண்டாவதுதான் பிழையற்றது.

மோலை எண்ணுவதற்கு முன் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நிலைக்குறியைப் படியுங்கள். I₂(s) என்று போட்டிருந்தால் வாயு மோல் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2. அழுத்தம் கூட்டினால் இடப்பக்கம் நகரும். அந்த ஒரு சிறிய எழுத்துக்காகவே சில கேள்விகள் எழுதப்படுகின்றன.

திண்மத்தை இன்னும் கொஞ்சம் போட்டா அது வினைபடு பொருள்தானே, வலப்பக்கம் போகாதா?

போகாது. CaCO₃(s) ⇌ CaO(s) + CO₂(g) என்பதில் Kp என்பது CO₂-இன் அழுத்தம் மட்டுமே. தூய திண்மத்துக்கு அளவு கூடினாலும் ‘செறிவு’ மாறாது, அதனால் அது Q-இல் இடம்பெறுவதில்லை. Q மாறவில்லை என்றால் சமநிலைக்கு நகரக் காரணமும் இல்லை.

இந்தச் சமநிலையில் இன்னொரு சுவையான விஷயம் உண்டு. இங்கே கனஅளவைப் பாதியாக்கினால் CO₂ அழுத்தம் கணப்பொழுது இரட்டிப்பாகும், பிறகு வினை பின்னோக்கிப் போய் அது சரியாகப் பழைய மதிப்புக்கே வந்து நிற்கும், CO₂-ஐ வாங்கிக்கொள்ளக் கலனில் CaO மீதி இருக்கும்வரை. முதல் விடையில் ‘குறைக்கும், நீக்காது’ என்றேனே, அது இங்கே செல்லாது. ஒரே ஒரு வாயு மட்டும் K-ஐத் தீர்மானிக்கும்போது மாற்றம் முழுவதுமாகச் சரிசெய்யப்பட்டுவிடும். "புதிய சமநிலையில் CO₂-இன் பகுதி அழுத்தம் என்ன?" என்று கேட்டால் பழைய எண்ணையே தயங்காமல் குறியுங்கள். CO₂-இன் மோல் பாதியாகியிருக்கும்.

ஹீலியம் சேர்த்தா கலனில் அழுத்தம் கூடுதே, அப்புறம் ஏன் "நகராது"ன்னு விடை போட்டிருக்காங்க?

கலன் எப்படிப்பட்டது என்று கேள்வியில் பாருங்கள். கனஅளவு மாறாத உறுதியான கலன் என்றால், ஹீலியம் உள்ளே வந்ததும் மொத்த அழுத்தம் கூடுவது உண்மைதான். ஆனால் கலனில் PCl₅ ⇌ PCl₃ + Cl₂ என்ற சமநிலை இருந்தால், அந்த மூன்றின் பகுதி அழுத்தங்கள் ஒரு துளியும் மாறவில்லை. Q என்பது அந்தப் பகுதி அழுத்தங்களால் ஆனது, மொத்த அழுத்தத்தால் இல்லை. ஆகவே அசைவில்லை.

பிஸ்டன் பொருத்தி அழுத்தத்தை மாறாமல் வைத்திருந்தால் கதை வேறு. ஹீலியத்துக்கு இடம் கொடுக்கக் கலன் விரியும், வினையில் பங்குபெறும் வாயுக்களின் பகுதி அழுத்தங்கள் குறையும். அவற்றைப் பொறுத்தவரை இது கனஅளவைக் கூட்டியதற்குச் சமம். PCl₅ ⇌ PCl₃ + Cl₂ வலப்பக்கம் நகரும், பிரிகை வீதம் கூடும். H₂, I₂, HI கலவையாக இருந்தால் இங்கேயும் நகராது, காரணம் ஆறாவது விடையில் உள்ளது.

கனஅளவா அழுத்தமா எது மாறாதது என்று கேள்வியில் சொல்லவே இல்லை என்றால் கேள்வியில்தான் குறை. ‘மூடிய உறுதியான கலன்’ என்று எடுத்துக்கொண்டு விடை குறிப்பதே நான் சொல்லும் வழக்கம்.

வெப்பநிலைக்கு மட்டும் ஏன் K மாறுது?

செறிவையோ கனஅளவையோ மாற்றும்போது Q-க்குள் போகும் எண்கள் மாறுகின்றன. வெப்பநிலையை மாற்றும்போது அந்த எண்கள் உடனே மாறுவதில்லை. முன்னோக்கு, பின்னோக்கு வினைகளின் வேக மாறிலிகள் வெவ்வேறு அளவில் மாறுகின்றன. அவற்றின் விகிதம்தான் K, அதனால் K நகர்ந்துவிடுகிறது. N₂O₄ பிரிவது வெப்பம் கொள் வினை, ஒரு மோலுக்குச் சுமார் 57 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். நான்காவது கேள்வியில் பார்த்த அதே கலனை, அமுக்குவதற்கு முன், சூடாக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். Q இன்னும் 0.1-இல் இருக்கிறது, K மட்டும் மேலே போய்விட்டது. Q சிறியது, வினை முன்னோக்கி ஓடும், பழுப்பு அடரும். பனிக்கட்டி நீரில் வைத்தால் நேர்மாறு.

தேர்வில் வேகமாகப் போட ஒரு வழி: வெப்பத்தை ஒரு பொருள்போலச் சமன்பாட்டில் எழுதிவிடுங்கள். வெப்பம் கொள் வினையில் இடப்பக்கம், வெப்ப உமிழ் வினையில் வலப்பக்கம். சூடாக்குவது அதைச் சேர்ப்பது, குளிர்விப்பது அதை எடுப்பது. திசை சரியாக வரும். ஆனால் இது ஞாபகத்துக்கான உத்திதான். இதை நம்பி "வெப்பம் சேர்த்தாலும் K மாறாது" என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். ΔH கொடுக்கப்பட்டிருப்பது எந்தத் திசைக்கு என்றும் ஒருமுறை பாருங்கள். அம்மோனியா உருவாவதற்கு −92 கிலோஜூல் என்று தந்துவிட்டு, கேள்வியை அம்மோனியா சிதைவதைப் பற்றிக் கேட்பது வழக்கமான விளையாட்டு.

மூடின கலனைச் சூடாக்கினா அழுத்தமும் கூடுமே. ரெண்டில் எதைப் பார்க்கிறது?

வெப்பநிலையை மட்டும். கனஅளவு மாறாததால் சூடாக்கிய கணத்தில் செறிவுகள் மாறவில்லை, செறிவில் எழுதிய Q-உம் மாறவில்லை. வாயு விதிப்படி கூடிய அந்த அழுத்தம் மோல் குறைவான பக்கம் தள்ளும் என்று தனியாக ஒரு கணக்கு வேண்டாம். அழுத்த விதி என்று நாம் சொல்வதே கனஅளவு மாறுவதைப் பற்றிய விதிதான், ஹீலியம் விடையிலும் இதையே பார்த்தோம்.

வெப்ப உமிழ் வினையைச் சூடாக்கினா முன்னோக்கு வினை மெதுவாகிடும், சரிதானே?

இல்லை. சூடாக்கினால் இரண்டு வினைகளும் வேகமெடுக்கும். வெப்ப உமிழ் வினையில் பின்னோக்கு வினையின் கிளர்வு ஆற்றல் பெரியது, அதனால் அது அதிகமாக வேகமெடுக்கும், முன்னோக்கு வினையை முந்திவிடும். விளைச்சல் குறைவது இதனால்தான். வேகம், விளைச்சல் இரண்டையும் கலந்து எழுதிய கூற்று–காரணக் கேள்விகளில் இதுவே சோதிக்கப்படுகிறது.

ஹேபர் முறையில் இந்த இழுபறியைக் காணலாம். N₂ + 3H₂ ⇌ 2NH₃ வெப்ப உமிழ் வினை, வலப்பக்கம் மோல் குறைவு. விதியை மட்டும் கேட்டால் குறைந்த வெப்பநிலையும் மிகுந்த அழுத்தமும் வேண்டும் என்று சொல்லும். ஆனால் வெப்பநிலையைக் கீழே கொண்டுபோனால் சமநிலையை எட்டுவதற்குள் காலம் போய்விடும். அதனால் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை ஒரு நடுநிலை வெப்பநிலையும், இரும்பு வினையூக்கியும், நூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தமும் வைக்கிறார்கள். வினையூக்கி இரண்டு திசைகளையும் ஒரே மடங்கு வேகப்படுத்தும், சமநிலையை நகர்த்தாது. "வினையூக்கி அம்மோனியாவின் சமநிலை விளைச்சலைக் கூட்டும்" என்பது தவறு. "குறைந்த நேரத்தில் அதே விளைச்சல் கிடைக்கும்" என்பது சரி.

ΔH-உம் தராம, சமன்பாடும் முழுசா தராம, வெறும் விளைச்சல் அட்டவணை கொடுத்தா என்ன பண்றது?

விதியைத் தலைகீழாக ஓட்டுங்கள். aA(g) ⇌ bB(g) என்று மட்டும் கொடுத்து, B-இன் விளைச்சல் 300 டிகிரியில் 100 வளிமண்டலத்தில் 40 சதவீதம், அதே அழுத்தத்தில் 400 டிகிரியில் 25 சதவீதம், 300 டிகிரியில் 200 வளிமண்டலத்தில் 52 சதவீதம் என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மாறாத இரண்டு எண்களை முதலில் ஒப்பிடுங்கள்: சூடாக்கியதும் குறைந்தது, ஆக வெப்ப உமிழ் வினை. அப்புறம் வெப்பநிலை மாறாத இரண்டு எண்கள்: அழுத்தம் கூடியதும் விளைச்சல் கூடியது, ஆக வலப்பக்கம் மோல் குறைவு, b-ஐவிட a பெரியது.

இரண்டு காரணிகளும் ஒன்றாக மாறியிருக்கும் எண்களை ஒப்பிடவே கூடாது. 400 டிகிரி, 100 வளிமண்டலத்தை 300 டிகிரி, 200 வளிமண்டலத்தோடு வைத்துப் பார்த்தால் எது எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. வரைபடமாகக் கொடுத்தாலும் இதே முறைதான்.

செறிவு–நேரம் படத்தில் கோடு ஒரு இடத்தில் குதிக்குது. என்ன பண்ணியிருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எத்தனை கோடுகள் குதிக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரே ஒரு பொருளின் கோடு மட்டும் செங்குத்தாக ஏறினால் அந்தப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாக் கோடுகளும் ஒரே மடங்கு குதித்தால் கனஅளவு மாறியிருக்கிறது. எதுவுமே குதிக்காமல், அந்த நேரத்திலிருந்து எல்லாக் கோடுகளும் மெல்ல வளையத் தொடங்கினால் வெப்பநிலை மாறியிருக்கிறது. ஒன்பதாவது விடையில் ‘எண்கள் உடனே மாறுவதில்லை’ என்றது படத்தில் இப்படித்தான் தெரியும். குதிப்பும் இல்லை வளைவும் இல்லை என்றால் வினையூக்கியோ, மாறாக் கனஅளவில் மந்த வாயுவோ.

வேகம்–நேரம் படம் என்றால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முன்னோக்கு, பின்னோக்கு வேகங்கள் இரண்டும் சமமாகக் குதித்துச் சமமாகவே தொடர்ந்தால் எல்லோரும் உடனே வினையூக்கி என்று குறிப்பார்கள். H₂, I₂, HI வாயுக் கலவையை அமுக்கினாலும் அதே படம்தான் வரும். ஆப்ஷன்களில் இரண்டும் இருந்தால், சமன்பாட்டில் மோல்கள் சமமா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கரைசலில் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? அங்கே அழுத்தமே இல்லையே.

தண்ணீர் ஊற்றுவது, வாயுவில் கனஅளவைக் கூட்டுவதற்கு இணையானது. கரைந்துள்ள துகள்கள் அதிகமாக உள்ள பக்கம் நகரும். Fe³⁺ + SCN⁻ ⇌ [FeSCN]²⁺ என்ற சிவப்புக் கரைசலை இரண்டு மடங்காக நீர்த்தால், Q-இன் மேற்பகுதி பாதியாகும், கீழ்ப்பகுதி கால்வாசியாகும், ஆக Q இரண்டு மடங்கு K. சமநிலை இடப்பக்கம் நகரும். சிவப்பு இரண்டு காரணங்களால் வெளிறும்: நீர்த்ததால் ஒருமுறை, அணைவு அயனி பிரிந்ததால் இன்னொருமுறை.

அசிட்டிக் அமிலத்திலும் இதே போக்குத்தான், மாணவர்கள் சறுக்குவதும் நான்காவது கேள்வியில் சொன்ன அதே இடத்தில்தான். நீர்த்தால் அயனியாதல் வீதம் கூடும், ஆனால் H⁺ செறிவு குறையும். கூடுவது பங்கு, குறைவது செறிவு.

வாயுவும் இல்லை, கரைசலும் இல்லை. கிராஃபைட் வைரமாகிறதுக்கு அழுத்தம் உதவும்னு எப்படிச் சொல்றாங்க?

மோலை எண்ணினால் இரண்டு பக்கமும் ஒன்று, "நகராது" என்று விடை போட்டுவிடுவீர்கள். மோல் எண்ணிக்கை என்பது வாயுக்களுக்கான குறுக்குவழி மட்டும்தான். அழுத்தம் உண்மையில் பார்ப்பது கனஅளவை. வைரத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3.5 கிராம், கிராஃபைட்டுக்குச் சுமார் 2.3 கிராம். ஒரே நிறைக்கு வைரம் குறைந்த இடத்தை அடைக்கும், ஆகவே உயர் அழுத்தம் வைரத்துக்குச் சாதகம். பனிக்கட்டியை அழுத்தினால் உருகும் பக்கம் நகர்வதும் இதனால்தான், நீர் பனிக்கட்டியைவிட அடர்த்தி மிக்கது. கேள்வியில் அடர்த்தி எண்கள் கொடுத்திருந்தால் அவற்றை வீணுக்குக் கொடுக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

வினைபடு பொருளைச் சேர்த்தும் சமநிலை பின்னோக்கிப் போகுமாமே, அது எப்படி?

அபூர்வம்தான், ஆனால் போகும். கடினமான வினாத்தாள்களுக்குத் தோதான கேள்வி இது. அம்மோனியா கலவை பிஸ்டன் உள்ள கலனில், மொத்த அழுத்தம் 5 வளிமண்டலத்தில் மாறாமல் இருக்கட்டும். சமநிலையில் N₂ 3 மோல், H₂ 1 மோல், NH₃ 1 மோல் இருப்பதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பகுதி அழுத்தங்கள் 3, 1, 1. Kp = 1² ÷ (3 × 1³), ஏறக்குறைய 0.33.

இப்போது 5 மோல் N₂ சேர்க்கிறோம். மொத்தம் 10 மோல், அழுத்தம் அதே 5 என்பதால் கலன் இருமடங்கு விரிந்துவிட்டது. N₂-இன் பகுதி அழுத்தம் 8/10 × 5 = 4. H₂-உம் NH₃-உம் தலா 0.5. Q = 0.25 ÷ (4 × 0.125) = 0.5. இது 0.33-ஐவிடப் பெரியது. சமநிலை பின்னோக்கிப் போகிறது, நைட்ரஜனைச் சேர்த்தும் இன்னும் நைட்ரஜன் உருவாகிறது! சேர்த்த N₂ முன்னோக்கித் தள்ளியது உண்மை. ஆனால் அதற்கு இடம் கொடுக்கக் கலன் விரிந்தது, விரிவு நான்கு மோல் உள்ள பக்கம் இழுத்தது, அந்த இழுப்பு வென்றுவிட்டது. H₂-இன் பகுதி அழுத்தம் பாதியானபோது அதன் மும்மடி எட்டில் ஒன்றாகிவிட்டது பாருங்கள், சூட்சுமம் அங்கேதான்.

N₂-ஐக் கொஞ்சம் சேர்த்தாலே இது நடக்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: அழுத்தம் மாறாமல் இருக்க வேண்டும், கலவையில் N₂-இன் மோல் பின்னம் ஏற்கெனவே பாதியைத் தாண்டியிருக்க வேண்டும். அதே 5 மோலை உறுதியான கலனில் சேர்த்தால் பகுதி அழுத்தங்கள் 8, 1, 1 ஆகும், Q = 0.125, வழக்கம்போல முன்னோக்கித்தான் போகும். H₂-ஐச் சேர்த்தால் எந்தக் கலனிலும் முன்னோக்கித்தான். இந்த வினையில் அது மும்மடியாக வருவதால் விரிவின் இழுப்பு அதை வெல்ல முடியாது. ஆகவே ‘மாறா அழுத்தத்தில் N₂ சேர்க்கப்படுகிறது’ என்ற சொற்களோடு மோல் எண்ணிக்கைகளும் கொடுத்திருந்தால், விதியை ஓரமாக வைத்துவிட்டு Q-ஐப் போட்டுப் பாருங்கள். மோல் எண்ணிக்கை எதுவும் தராமல் கேட்டிருந்தால் கேள்வி எழுதியவர் எதிர்பார்ப்பது சாதாரண விடையைத்தான்.